வீடு வீடாக மருந்தடித்தும் கரப்பான் ஒழியாதது ஏன்? சங்கக் கூட்டத்தில் பேசவிருக்கும் வாசகருக்கு ஒரு பதில்

கேள்வி: "சென்னையில் நான்கு தளங்களில் 32 வீடுகள் கொண்ட அடுக்ககத்தில், 204-ஆம் எண் வீட்டில் வசிக்கிறோம். சமையலறையில் சின்னக் கரப்பான் தொல்லை. வருடத்துக்கு மூன்று முறை, முறைக்கு 1,200 ரூபாய் கொடுத்து ஸ்ப்ரே அடிக்கிறேன். ஒரு மாதம் குறைகிறது, பிறகு பழையபடியே. இப்படித் தனித்தனியாக அடிக்கும் வீடுகள் எனக்குத் தெரிந்து ஒன்பது. நாங்கள் அடிப்பதால்தான் தங்களிடம் அதிகமாகிறது என்று 203-இல் இருப்பவர்கள் கோபப்படுகிறார்கள். அம்மாவுக்கு வீசிங் இருப்பதால் ஒவ்வொரு முறையும் அவரைத் தங்கை வீட்டுக்கு அனுப்புகிறேன். எல்லா வீட்டிலும் ஒரே நாளில் மருந்தடிக்க வேண்டும் என்று அடுத்த மாதப் பொதுக்குழுவில் பேச எனக்குப் பத்து நிமிடம் தந்திருக்கிறார்கள். குழாய்கள் செல்லும் டக்டில் அடித்தால் போதும் என்கிறார் செயலாளர். 'எங்கள் வீடு சுத்தம், நாங்கள் ஏன் பணம் தர வேண்டும்' என்கிறார்கள் சிலர். நான் எப்படிப் பேசுவது?"

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பூச்சி மேலாண்மை ஆலோசகரின் பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் கேட்கவிருப்பது சரியானதுதான்; கேட்கும் விதத்தில் மட்டும் ஒரு திருத்தம் தேவை. "எல்லா வீட்டிலும் ஒரே நாளில் மருந்தடிக்க வேண்டும்" என்று மேடையில் சொன்னீர்களானால், 32 சமையலறைகளிலும் பாத்திரங்களை வெளியே எடுத்து வைத்து, குழந்தைகளையும் வயதானவர்களையும் வெளியே அனுப்பி, புகைபோல மருந்து தெளிக்கும் காட்சிதான் எல்லோர் மனத்திலும் எழும். எதிர்ப்பு அங்கேயே தொடங்கிவிடும். முழுக் கட்டடத்துக்கான சிகிச்சை என்பது எல்லா வீட்டையும் சோதிப்பது. மருந்தோ, பூச்சி இருக்கும் வீடுகளில், பூச்சி இருக்கும் இடுக்குகளில் மட்டும் வைக்கப்படுவது. பெரும்பாலான வீடுகளில் ஒட்டுப்பொறி வைத்து எடுப்பதோடு வேலை முடிந்துவிடும். இந்த வேறுபாட்டை நீங்கள் முதல் நிமிடத்திலேயே தெளிவாக்கிவிட்டால், உங்களை எதிர்ப்பவர்களில் பாதிப் பேருக்கு எதிர்க்கக் காரணமே இருக்காது.

உங்கள் தாயாரைப் பொறுத்தவரையும் இதுதான் நல்லது. தெளிக்கும் மருந்துகளில் பெரும்பாலும் இருக்கும் செயற்கைப் பைரித்ராய்டு வகைகள் மூச்சிரைப்பு உள்ளவர்களுக்குத் தொல்லை தரக்கூடியவை. அதே வேளையில் கரப்பானின் எச்சமும் உதிர்ந்த தோலும்கூட ஒவ்வாமையைத் தூண்டி ஆஸ்துமாவை மோசமாக்கும் என்பதால், பூச்சியை அப்படியே விட்டுவிடுவதும் தீர்வாகாது. கரப்பான் தின்பதற்காக இடுக்குகளில் வைக்கப்படும் மருந்து ஜெல் காற்றில் பரவுவதில்லை. இருந்தாலும் வேலை தொடங்கும் முன் அவருடைய மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

முதலில் எந்தக் கரப்பான் என்று பாருங்கள்

ஒன்றரை சென்டிமீட்டருக்குள், வெளிர் பழுப்பு நிறத்தில், தலைக்குப் பின்னால் நீளவாக்கில் இரண்டு கரிய கோடுகளோடு இருந்தால் அது ஜெர்மன் கரப்பான். இறகு இருந்தாலும் பறக்காது. கட்டைவிரல் நீளத்தில், செம்பழுப்பாக, இரவில் குளியலறைத் தரையின் வடிகாலான நஹானி டிராப் வழியாக ஏறி வருவது அமெரிக்கக் கரப்பான். அது சாக்கடையில் வாழ்வது. அதற்கு வடிகால் மூடிகளையும், டிராப்பில் நீர் நிற்கிறதா என்பதையும், மேன்ஹோல்களையும் கவனிக்க வேண்டும். அந்த ஒன்றுக்கு மட்டும் உங்கள் செயலாளர் சொல்லும் டக்ட் வேலை ஓரளவு பொருந்தும். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்களுடையது ஜெர்மன் வகை என்றே தோன்றுகிறது. ஆயினும் ஒன்றைப் பிடித்து, கோடுகளைப் பார்த்து உறுதிசெய்த பிறகே மேடை ஏறுங்கள். கூட்டத்தில் ஒருவர் பெரிய கரப்பானைப் பற்றிப் பேச, மற்றொருவர் சின்னதைப் பற்றிப் பேச, விவாதம் திசைமாறிப் போவது வழக்கம்.

ஸ்ப்ரே ஏன் ஒரு மாதத்துக்கு மேல் நிற்பதில்லை

ஜெர்மன் கரப்பானின் பெண், ஏறத்தாழ 30 முதல் 40 முட்டைகள் அடங்கிய ஒரு பையை உடலின் பின்முனையில் ஒட்டவைத்துக்கொண்டே திரியும். குஞ்சுகள் வெளிவரவிருக்கும் நேரம்வரை அதைக் கீழே போடாது. பை உறுதியானது, மேலே தெளிக்கும் மருந்து உள்ளே எளிதில் புகாது. பையைச் சுமக்கும் பெண் இரைதேடி அதிகம் வெளியே வருவதும் இல்லை. எனவே நீங்கள் அடித்த நாளில் செத்து விழுந்தவை, வெளியே நடமாடிய சிலவே. மறைவிடத்தில் இருந்த பெண்களும் பைகளுக்குள் இருந்த முட்டைகளும் தப்பின. சில வாரங்களில் முட்டை பொரிக்கிறது. நம் ஊர் வெப்பத்தில் இரண்டு மாதம்போல வளர்ந்தால் அந்தக் குஞ்சும் முட்டையிடத் தயாராகிவிடுகிறது. உங்கள் வீட்டில் தொல்லை குறைந்து, பிறகு பழையபடி திரும்பும் கால இடைவெளி இந்த வளர்ச்சிக் கணக்கோடு அப்படியே ஒத்துப்போகிறது.

இதோடு மருந்து எதிர்ப்புத்திறனும் சேர்ந்துகொள்கிறது. ஒரே வகைப் பைரித்ராய்டை ஆண்டுக்கணக்கில் அடிக்கும்போது, அதைத் தாங்கக்கூடியவை மட்டும் பிழைத்துப் பெருகுகின்றன. உலகின் பல நகரங்களில் ஆராயப்பட்ட ஜெர்மன் கரப்பான்களில் இது பதிவாகியிருக்கிறது. அமெரிக்காவின் வடக்குக் கரோலினாவில் அடுக்குமாடி வீடுகளில் செய்து 2019-இல் வெளியான ஓர் ஆய்வு, கடைகளில் விற்கும் புகைக்குப்பி மருந்துகளையும் ஜெல்லையும் ஒப்பிட்டது. புகை மருந்து அடித்த வீடுகளில் கரப்பான் குறையவில்லை. சமையலறைப் பரப்புகளில் படிந்த மருந்துதான் கூடியது. ஜெல் வைத்த வீடுகளில் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது.

இப்போது 203-இன் கோபத்துக்கு வருவோம். அவர்கள் சொல்வதில் ஓரளவு உண்மை உண்டு. பைரித்ராய்டு பூச்சியைக் கொல்வதோடு விரட்டவும் செய்யும். விரட்டப்பட்டவற்றில் சில, சிங்க்கின் கழிவுக் குழாய் சுவரைத் துளைத்துச் செல்லும் இடைவெளி வழியாக அடுத்த வீட்டுக்குப் போகும். ஒரே குழாய்ச் சுவரைப் பகிர்ந்துகொள்ளும் வீடுகளுக்கிடையே ஜெர்மன் கரப்பான் நடமாடுவதை 1980-களிலேயே பூச்சிகளுக்கு அடையாளமிட்டு விட்டுப் பார்த்து நிறுவியிருக்கிறார்கள். ஆனால் பெருங்கூட்டம் ஒரே இரவில் வீடு மாறுவதில்லை. பெரும்பாலானவை தாம் பிறந்த சமையலறையிலேயே இருக்கும். எனவே 203-இல் காணப்படுபவை எல்லாம் உங்களிடமிருந்து போனவை என்பதும், உங்களிடம் வருபவை எல்லாம் 203-இலிருந்து வருபவை என்பதும் ஒருபோல ஊகமே. யாரிடம் எத்தனை என்று எண்ணிப் பார்க்காதவரை இந்தச் சண்டைக்கு முடிவில்லை. உங்கள் பேச்சில் "மேலே இருந்து வருகிறது", "பக்கத்திலிருந்து வருகிறது" என்ற சொற்களே வர வேண்டாம்.

எண்ணிப் பார்ப்பது எப்படி

ஒவ்வொரு வீட்டிலும் நான்கு ஒட்டுப்பொறி அட்டைகள் வேண்டும்: சிங்க்கின் அடியில், ஃபிரிட்ஜின் பின்னால், அடுப்பு மேடையின் மூலையில், குளியலறையில் குழாய் அருகே என ஒவ்வொன்று. 32 வீட்டுக்கு 128 அட்டைகள். அட்டை சுவரை ஒட்டி இருக்க வேண்டும். கரப்பான் சுவரோரமாகவே நடக்கும், தரை நடுவில் வைத்த பொறி பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும். வீட்டு எண்ணையும் இடத்தையும் தேதியையும் அட்டையிலேயே எழுதி, ஒரு வாரம் கழித்து எடுத்து, பெரியவை எத்தனை, குஞ்சுகள் எத்தனை என்று தனித்தனியே எண்ண வேண்டும். குஞ்சுகள் நிறைய இருந்தால் அங்கேயே பெருகுகின்றன என்று பொருள். ஓரிரு பெரியவை மட்டும் இருந்தால் அவை வேறிடத்திலிருந்து வந்து போனவையாக இருக்கலாம்.

எண்களை எப்படி வாசிப்பது என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். உங்கள் டக்டை ஒட்டி 03, 04 என்று முடியும் எட்டு வீடுகள் இருப்பதாகவும், ஒரு வாரத்தில் அவற்றில் விழுந்தவை இப்படி இருப்பதாகவும் வையுங்கள்: 103-இல் ஒன்றுமில்லை, 104-இல் 2, 203-இல் 6, உங்கள் 204-இல் 14, 303-இல் 61, 304-இல் 9, 403-இல் ஒன்றுமில்லை, 404-இல் 3. மொத்தம் 95. அதில் 61, அதாவது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, ஒரே வீட்டில் இருக்கின்றன. அந்த வீட்டார் ஒருபோதும் புகார் செய்யாதவர்களாக இருக்கக்கூடும்: வேலைக்குப் போய் இரவு தாமதமாக வருபவர்கள், கண்பார்வை குறைந்த முதியவர்கள், வீட்டு உரிமையாளரிடம் சொல்லத் தயங்கும் வாடகைதாரர்கள். புகார் வந்த இடத்தில் மட்டும் மருந்தடிக்கும் முறையில் இந்த 303 எப்போதும் விட்டுப்போகும். நீங்கள் வருடத்துக்கு மூன்று முறை செலவழித்தது 14-ஐக் குறைக்கத்தான். 61 அப்படியே இருந்திருக்கும். முழுக் கட்டடச் சோதனைக்கான வலுவான வாதம் இதுதான். உங்கள் பேச்சின் நடுவில் இதுவே நிற்க வேண்டும்.

இந்த எண்களை வீட்டு எண்ணோடு பொதுக்குழுவில் வாசிக்கக் கூடாது. அவை நிர்வாகக் குழுவிடமும் அந்தந்த வீட்டாரிடமும் மட்டும் இருக்கட்டும். தம் வீட்டுப் பெயர் கெடும் என்ற அச்சம் வந்தால், சோதனைக்கே கதவு திறக்கமாட்டார்கள்.

நீங்கள் பேசுவதற்கான உரை

கீழே உள்ளதை உங்கள் மொழிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நிதானமாக வாசித்தாலும் ஆறேழு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மீதி நேரத்தைக் கேள்விகளுக்கு விட்டுவிடுங்கள்.

"தலைவர் அவர்களுக்கும், செயலாளர் அவர்களுக்கும், குடியிருப்போர் அனைவருக்கும் வணக்கம். நம் கட்டடத்தில் இருக்கும் சின்னக் கரப்பானைப் பற்றிப் பேச நேரம் கேட்டிருந்தேன். என் வீட்டில் அது இருக்கிறது என்பதை முதலில் நானே சொல்லிவிடுகிறேன்.

எல்லோர் வீட்டிலும் மருந்து தெளிக்க வேண்டும் என்று கேட்க நான் வரவில்லை. எல்லோர் வீட்டிலும் நான்கு ஒட்டு அட்டைகளை ஒரு வாரம் வைக்க அனுமதி கேட்கத்தான் வந்திருக்கிறேன். அட்டையில் மருந்து இல்லை, வாசனை இல்லை. ஒரு வாரம் கழித்து எடுத்து எண்ணுவோம். பூச்சி இல்லாத வீட்டில் மருந்து வைக்க மாட்டோம். பூச்சி உள்ள வீட்டிலும் தெளிக்க மாட்டோம். அலமாரிக் கீல், சிங்க்கின் அடிப்பகுதி போன்ற இடுக்குகளில் அரிசி அளவு ஜெல் துளிகளை வைப்பார்கள். யாரும் வீட்டைவிட்டு வெளியே போக வேண்டியதில்லை.

இதுவரை ஒன்பது வீடுகளாவது தனித்தனியே மருந்தடிக்கிறோம். எல்லோரும் என்னைப் போலவே வருடத்துக்கு மூன்று முறை, முறைக்கு 1,200 ரூபாய் கொடுப்பதாக வைத்தால், ஆண்டுக்கு 32,400 ரூபாய் ஆகிறது. 32 வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்கு ஆயிரம் ரூபாய்க்குச் சற்று மேல். இந்தத் தொகை இப்போதே செலவாகிக்கொண்டுதான் இருக்கிறது. கரப்பான் மட்டும் போகவில்லை. காரணம், மருந்து அடிக்கப்படுவது புகார் செய்தவரின் வீட்டில். பூச்சி அதிகம் இருப்பதும் அதே வீட்டில்தான் என்று நம்மில் யாரும் சோதித்துப் பார்த்ததில்லை.

நம் சமையலறைகள் இரண்டிரண்டாக ஒரே டக்டை ஒட்டி, கீழிருந்து மேலாக அடுக்கப்பட்டிருக்கின்றன. சிங்க்கின் கழிவுக் குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தை வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். குழாயைச் சுற்றி விரல் நுழையும் அளவுக்குச் சந்து இருக்கும். கரப்பான் குஞ்சுக்கு அதில் சிறு பங்கு போதும். எட்டு வீடுகளில் ஏழு சுத்தமாக இருந்து, ஒன்றில் மட்டும் பூச்சி பெருகினாலும், அந்த ஏழு வீட்டுக்கும் அது மறுபடி வரும்.

'எங்கள் வீடு சுத்தமாக இருக்கிறது, நாங்கள் ஏன் பங்கு தர வேண்டும்' என்ற கேள்வி நியாயமானது. சுத்தம் உதவும், உணவு குறைந்தால் பூச்சி குறையும், ஜெல்லையும் விரைவாகத் தின்னும். ஆனால் சுத்தமான வீட்டிலும் அதற்குத் தண்ணீரும் இடுக்கும் கிடைக்கின்றன. வாட்டர் பியூரிஃபையரின் பெட்டிக்குள், மிக்ஸியின் அடியில், ஃபிரிட்ஜ் மோட்டாரின் வெப்பத்தில் அது வாழ்கிறது. பழைய ஃபிரிட்ஜ் வழியாகவும் அட்டைப்பெட்டி வழியாகவும் நுழைகிறது. இதில் யாருக்கும் அவமானம் இல்லை. யார் வீட்டு எண்ணிக்கையும் இந்தக் கூட்டத்தில் சொல்லப்படாது. லிஃப்டைப் பயன்படுத்தாத தரைத்தளத்தாரும் லிஃப்ட் பராமரிப்புக்குப் பங்கு தருவதைப் போல, டக்டால் இணைக்கப்பட்ட வீடுகளின் பூச்சி வேலைக்கும் எல்லோரும் பங்கு தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

டக்டில் மட்டும் அடித்தால் போதாதா என்று செயலாளர் கேட்டார். டக்ட் அதற்கு வழி. குடியிருப்பது சமையலறையில், உணவுக்கும் வெப்பத்துக்கும் பக்கத்தில். டக்டில் மருந்து தெளித்தால் அங்கே இருப்பவை வீடுகளுக்குள் ஓடக்கூடும். டக்டில் செய்ய வேண்டியது வேறு: ஒழுகும் குழாய்களைச் சரிசெய்வது, குப்பையை அகற்றுவது, சந்துகளை அடைப்பது. அது சங்கத்தின் பராமரிப்பு வேலையாகவே நடக்கட்டும்.

நான் கேட்கும் தீர்மானம் மூன்றே பகுதிகள் கொண்டது. 32 வீட்டிலும் ஒட்டு அட்டைச் சோதனை. பூச்சி உள்ள வீடுகளில் ஜெல் சிகிச்சை, மூன்று மாதம் தொடர் சோதனையோடு. அந்த மூன்று மாதமும் யாரும் தனியாக ஸ்ப்ரே அடிக்காமல் இருப்பது. முதல் பகுதியை மட்டுமாவது இன்று நிறைவேற்றுங்கள்; எண்ணிக்கை கையில் வந்த பிறகு மற்றவற்றை முடிவு செய்யலாம். நன்றி."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். பணம் ஒதுக்கத் தயங்கும் கூட்டம்கூட அட்டைச் சோதனைக்கு மட்டும் ஒப்புக்கொள்ளும். எண்ணிக்கை வந்துவிட்டால் அடுத்த கூட்டத்தில் நீங்கள் அதிகம் வாதாட வேண்டியிருக்காது. கூட்டத்துக்கு முந்தைய வாரம் உங்கள் வீட்டிலும், சம்மதிக்கும் இரண்டு மூன்று வீடுகளிலும் அட்டைகளை வைத்துப் பாருங்கள். 203-ஐயும் கேளுங்கள். வீட்டு எண் எழுதாத ஓர் அட்டையை மேசைமீது வைத்தால், பூச்சியின் அளவையும் கோடுகளையும் எல்லோரும் நேரில் பார்ப்பார்கள்.

ஜெல் வேலை செய்யும் விதமும், அது தோற்கும் இடங்களும்

ஜெல்லைத் தின்ற கரப்பான் உடனே சாவதில்லை. மறைவிடத்துக்குத் திரும்பிய பிறகே சாகிறது. அதன் எச்சத்தையும் உடலையும் மற்றவை, குறிப்பாக வெளியே வராத குஞ்சுகள், தின்பதால் மருந்து அவற்றுக்கும் போய்ச் சேர்கிறது. தெளிக்கும் மருந்து எட்டாத இடத்தை ஜெல் எட்டுவது இப்படித்தான். நம் நாட்டில் இதற்குப் பரவலாகப் பயன்படுபவை பிப்ரோனில் 0.05 சதவீத ஜெல்லும் இமிடாகுளோபிரிட் 2.15 சதவீத ஜெல்லும்.

ஜெல் வைத்த இடத்தின் அருகே ஸ்ப்ரே அடித்தால், அந்த வாடைக்குக் கரப்பான் ஜெல்லை நெருங்காது. பூச்சி சாக்பீஸால் கோடு போடுவதும், மண்ணெண்ணெய் துடைப்பதும், கீல்களைச் சோப்பு நீரால் கழுவுவதும் ஜெல்லைக் கெடுப்பவையே. பல இடங்களில் ஜெல் தோற்றதாகச் சொல்லப்படுவதற்கு இதுவே காரணம். வேலை முடிந்து சில நாள் கழித்து டார்ச் அடித்துத் துளிகளைப் பாருங்கள். கடித்த தடமின்றிக் காய்ந்து கிடந்தால், ஒன்று வைத்த இடம் தவறு, அல்லது அந்தக் கரப்பான் கூட்டத்துக்கு அந்த ஜெல் பிடிக்கவில்லை. சர்க்கரை கலந்த ஜெல்லையே வெறுக்கும் கரப்பான் கூட்டங்கள் 1990-களிலேயே அமெரிக்காவில் கண்டறியப்பட்டன. அப்போது மருந்தும் தீனியும் வேறான மற்றொரு ஜெல்லுக்கு மாற வேண்டும்.

துளிகள் ஒரே இடத்தில் பெரிய உருண்டையாக இல்லாமல், சிறிதாகப் பல இடங்களில் இருக்க வேண்டும். கரும்புள்ளிகளாக எச்சம் தெரியும் இடமே வைக்க வேண்டிய இடம்: கீல்களின் உட்புறம், டிராயரின் பக்கச் சட்டம், ஃபிரிட்ஜ் கதவின் ரப்பர் மடிப்புக்கு அருகே, கிரைண்டரின் அடிப்பாகம், எக்ஸாஸ்ட் பெட்டியின் விளிம்பு. தொல்லை மிகுந்த வீட்டில் முதலில் வேக்குவம் கொண்டு உறிஞ்சி எடுத்துவிட்டு ஜெல் வைத்தால் பலன் விரைவாகத் தெரியும். இரவில் சிங்க்கைத் துடைத்து உலர்த்துவது சிறிய வேலை, பலன் பெரியது. தண்ணீரே இல்லாமல் ஜெர்மன் கரப்பான் இரண்டு வாரத்துக்கு மேல் தாக்குப்பிடிப்பது அரிது.

முட்டைப் பைகள் பொரிந்துகொண்டே இருப்பதால் ஒரே வருகையில் வேலை முடியாது. முதல் வருகைக்குப் பின் இரண்டாம் வாரம், நான்காம் வாரம், எட்டாம் வாரம் என்று ஜெல்லைப் புதுப்பித்து, ஒவ்வொரு முறையும் அட்டை வைத்து எண்ண வேண்டும். பன்னிரண்டாம் வாரம் இறுதிச் சோதனை. அடுத்தடுத்த இரண்டு எண்ணிக்கையில் ஒன்றுமில்லை என்று வந்தால்தான் ஒரு வீட்டில் வேலை முடிந்ததாகக் கொள்ளலாம். 61 இருந்த வீட்டில் நான்காம் வாரம் 20 இருந்தால் சிகிச்சை சரியாகப் போகிறது; 55 இருந்தால் ஜெல்லையோ வைக்கும் இடத்தையோ மாற்ற வேண்டும்.

ஒப்பந்தமும் கதவு திறக்கும் உரிமையும்

வணிக முறையில் பூச்சி மருந்து வேலை செய்பவர்களுக்கு 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் உரிமம் வேண்டும். நகலைக் கேட்டு வாங்குங்கள். என்ன மருந்து, என்ன அளவு என்பது எழுத்தில் இருக்கட்டும். லேபிளில் உள்ள முக்கோணத்தின் நிறம் நச்சின் அளவைச் சொல்லும், சிவப்பு மிகக் கொடியது, பச்சை மிகக் குறைந்தது. டைக்குளோர்வாஸ் என்ற மருந்து 2020 டிசம்பர் 31 முதல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. பழைய பழக்கத்தில் யாரேனும் அதைக் கொண்டுவந்தால் அனுமதிக்காதீர்கள். "ஆண்டுக்கு நான்கு முறை ஸ்ப்ரே" என்ற வழக்கமான ஒப்பந்தத்தை ஏற்க வேண்டாம். வீடுவாரியாக எண்ணிக்கை அறிக்கை தர வேண்டும், தொகையில் ஒரு பகுதி பன்னிரண்டாம் வார எண்ணிக்கையைப் பார்த்த பிறகே தரப்படும் என்று எழுதிக்கொள்ளுங்கள். முதல் மூன்று மாதச் செலவு இப்போது நீங்கள் கொடுக்கும் ஸ்ப்ரே விலையைவிடக் கூடுதலாக வரலாம். அதைக் கூட்டத்தில் மறைக்க வேண்டாம். எண்ணிக்கை இறங்கிய பிறகு வருகைகள் குறையும்போதுதான் செலவும் குறையும்.

தீர்மானம் நிறைவேறிவிட்டது என்பதற்காக யார் வீட்டுக்குள்ளும் சம்மதமின்றி நுழைய முடியாது. பொதுப் பராமரிப்புக்காக வீடுகளுக்குள் செல்வதைப் பற்றி உங்கள் சங்க விதிகள் என்ன சொல்கின்றன என்பதை முன்கூட்டியே படித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் முன்பே எழுத்தில் அறிவிப்பு, காலை மாலை என இரண்டு நேரத் தேர்வு, உடன் நிர்வாகக் குழுவிலிருந்து ஒருவர் என்று ஏற்பாடு செய்தால் பெரும்பாலோர் திறப்பார்கள். வாடகைதாரர் இருக்கும் வீடுகளில் அவரிடமும் உரிமையாளரிடமும் தனித்தனியே சொல்ல வேண்டும். பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்குச் சாவி யாரிடம் இருக்கிறது என்ற பட்டியலைச் செயலாளர் தயாரிக்கட்டும்.

ஒன்றிரண்டு வீடுகள் கடைசிவரை மறுத்தால் திட்டத்தைக் கைவிட வேண்டியதில்லை. அந்த வீட்டைச் சுற்றி மேல், கீழ், பக்கம் என்று டக்டைப் பகிரும் வீடுகளில் குழாய்ச் சந்துகளைச் சிலிக்கானோ வெள்ளைச் சிமென்டோ கொண்டு முதலில் அடைத்துவிட்டு, அங்கே அட்டைகளை நிரந்தரமாக வைத்திருங்கள். மூன்று மாதம் கழித்து மற்ற வீடுகளில் பூச்சி இல்லை என்று தெரியும்போது, மறுத்தவர்களிடம் மறுபடி கேளுங்கள். அதன் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லா வீட்டிலும் அட்டைச் சோதனை, வீடு காலியாகிப் புதியவர் குடிவரும்போது ஒரு கூடுதல் சோதனை என்ற இரண்டையும் சங்கத்தின் பராமரிப்புப் பட்டியலில் சேர்த்துவிடச் சொல்லுங்கள்.